பகுதிப் பணம் கிடைத்ததை அறிவிக்கும் செய்தி: முறைப்பாட்டை வைத்துப் பிழையைக் கண்டறிதல்

மாரி வேளாண்மை வெட்டி முடிந்த மாசி, பங்குனி மாதங்களில் உரக்கடைக்கு வரும் பணம் பெரும்பாலும் முழுத் தொகையாக வருவதில்லை. விற்ற நெல்லின் அளவுக்கு ஒரு பகுதி வரும், மீதி அடுத்த விற்பனையோடு வரும். அப்படிப் பகுதியாகப் பணம் வரும் ஒவ்வொரு முறையும் கடையிலிருந்து வாடிக்கையாளருக்கு ஒரு செய்தி போகிறது. களுவாஞ்சிக்குடியில் கடை வைத்துப் பட்டிருப்புப் பாலத்துக்கு அப்பால் படுவான்கரை வட்டைகளுக்குக் கடனுக்குப் பொருள் கொடுப்பவர்களுக்கு, அந்தச் செய்தியால் வரும் தொலைபேசி அழைப்புகள் புதியவை அல்ல. அழைப்பவர் சொல்லும் முதல் வாக்கியத்தைக் கவனமாகக் கேட்டாலே செய்தியின் எந்த இடத்தில் பிழை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஆகவே கீழுள்ளவை வாடிக்கையாளர் சொல்லும் முறைப்பாட்டின்படியே பிரிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றிலும் செலவில்லாமல் சரிபார்க்கக்கூடியது முதலிலும், ஏடுகளைத் திறக்க வேண்டியது பின்னாலும் வருகிறது.

எல்லா இடத்திலும் ஒரே கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒரு வாடிக்கையாளர் பெரும்போகத்துக்காக மூன்று சிட்டைகளில் கடன் வாங்கியிருக்கிறார். சிட்டை 1042 விதை நெல்லுக்கானது, 38,500 ரூபா. சிட்டை 1077 உரத்துக்கும் களைநாசினிக்குமானது, 64,200 ரூபா. சிட்டை 1113 பூச்சிநாசினிக்கானது, 21,300 ரூபா. மொத்தம் 124,000 ரூபா. 2026 பெப்ரவரி 27 அன்று அவர் 80,000 ரூபாவை வங்கியில் வைப்பிலிட்டார். கடையிலிருந்து அவருக்குப் போன செய்தி இது:

> அன்பான வாடிக்கையாளருக்கு, தங்கள் கொடுப்பனவைப் பெற்றுக்கொண்டோம். தங்கள் ஒத்துழைப்புக்கு எமது மனமார்ந்த நன்றிகள். தொகை ரூ. 80,000. சிட்டை 1042 தீர்ந்தது. மீதி ரூ. 44,000.

இதில் உள்ள எண்கள் எல்லாம் சரியானவை. இருந்தும் இந்தச் செய்தி மூன்று வகையான முறைப்பாட்டைக் கொண்டுவரக்கூடியது.

## "எல்லாம் கட்டி முடித்துவிட்டேன்தானே?" என்று கேட்கிறார்

முதலில், செய்தி அவருடைய கைபேசியில் எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். கடையில் உள்ள வேறொரு கைபேசிக்கு அதே செய்தியை அனுப்பி, திறக்காமல், பூட்டிய திரையில் எந்த வரி வரை தெரிகிறது என்று கவனியுங்கள். மேலே காட்டிய செய்தியில் வணக்கமும் நன்றியும்தான் தெரியும், மீதி தெரியாது. நன்றி சொல்லும் செய்தி கணக்கு முடிந்த செய்தி என்றே வாசிக்கப்படும். கிடைத்த தொகையும் மொத்த மீதியும் முதல் வரியிலேயே பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும். நன்றி சொல்வது அவசியம் என்று கருதினால் அது கடைசி வரிக்குப் போகலாம்.

அதில் பிழை இல்லையெனில் "தீர்ந்தது" என்ற சொல்லைத் தேடுங்கள். கடைக்காரருக்குச் சிட்டை 1042 தீர்ந்தது என்பது ஒரு சிட்டையைப் பற்றிய தகவல். ஆனால் வாடிக்கையாளர் சிட்டை இலக்கத்தை மனத்தில் வைத்திருப்பவர் அல்லர். அவருக்கு அது தன்னுடைய கணக்கு தீர்ந்த செய்தியாகப் படலாம். "சிட்டை 1042 (விதை நெல்) மட்டும் முடிந்தது" என்று பொருளின் பெயரையும் "மட்டும்" என்பதையும் சேர்த்தால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. சிட்டை இலக்கத்தைவிட விதை நெல், உரம் என்ற சொற்களே வாடிக்கையாளருக்குத் தம்முடைய கொடுக்கல் வாங்கலை நினைவூட்டுகின்றன.

மூன்றாவதாக, செய்தி யாருடைய இலக்கத்துக்குப் போனது என்று பாருங்கள். மத்திய கிழக்கில் வேலை செய்யும் மகன் தந்தையின் கடனுக்காகப் பணம் அனுப்புவதும், போடியாரின் பெயரிலுள்ள சிட்டைக்கு வயலைச் செய்பவர் பணம் கட்டுவதும் இங்கே வழக்கம். பணம் வந்த இலக்கத்துக்கே பதில் அனுப்பிவிட்டால் கடன்பட்டவருக்கு மீதி தெரியவே வராது. பணம் கட்டியவர் தாம் பேசிய தொகையைக் கட்டிவிட்ட நிம்மதியில் அதைக் கவனிக்கவும் மாட்டார். மீதியைக் காட்டும் செய்தி கடன்பட்டவரின் இலக்கத்துக்குப் போக வேண்டும். கட்டியவருக்குத் தொகையையும் திகதியையும் மட்டும் உறுதிசெய்து ஒரு சிறு செய்தி அனுப்பினால் போதும். ஒருவருடைய மொத்தக் கடன் எவ்வளவு என்பதை அவர் சொல்லாமல் இன்னொருவருக்கு அறிவிப்பது முறையும் அன்று.

இந்த முறைப்பாட்டுக்கு வெளியாரை அழைக்க வேண்டிய தேவை வருவதில்லை.

## "மீதி கூடுதலாக இருக்கிறது" என்கிறார்

இங்கே செய்தியை உடனே திருத்தக் கூடாது. முதலில் அவருடைய கணிப்பில் மீதி எவ்வளவு என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கடையின் எண்ணுக்கும் அவருடைய எண்ணுக்கும் இடையிலுள்ள வித்தியாசமே தேட வேண்டிய இடத்தைக் காட்டும். இதைச் செய்யாமல் பேரேட்டின் முதற்பக்கத்திலிருந்து கூட்டத் தொடங்குபவர்கள் அரை நாளை வீணாக்குகிறார்கள்.

### வித்தியாசம் ஒரு சிட்டையின் தொகைக்குச் சமமாக இருந்தால்

அந்தச் சிட்டையில் கையொப்பமிட்டவர் யார் என்று பாருங்கள். வயலில் வேலை செய்பவர் அவசரத்துக்கு வந்து பூச்சிநாசினி எடுத்துச் சென்றிருப்பார், வயற்காரருக்கு அது சொல்லப்பட்டிருக்காது. மேலுள்ள கணக்கில் அவர் மீதி 22,700 என்று சொன்னால் வித்தியாசம் 21,300, அதாவது சிட்டை 1113 முழுவதும். சிட்டையின் அடிப்பிரதியைப் படமெடுத்து அனுப்பினால் பேச்சு முடிந்துவிடும். பணம் கட்டிய பிறகு எடுத்த பொருளும் இதே தோற்றத்தைத் தரும். செய்தியில் "மீதி" என்று மட்டும் இல்லாமல் எந்தத் திகதி வரையான மீதி என்று இருந்தால் அந்தக் குழப்பம் வராது.

### வித்தியாசம் முன்பு கட்டிய ஒரு தொகைக்குச் சமமாக இருந்தால்

அந்தப் பணம் பதியப்படவில்லை, அல்லது அதே பெயருள்ள இன்னொருவரின் கணக்கில் பதியப்பட்டிருக்கிறது. வங்கிக் கூற்றில் அனுப்பியவரின் பெயர் சுருக்கமாகவோ பாதியில் வெட்டுப்பட்டோ வருவதால், ஒரே ஊரில் ஒரே பெயரும் ஒரே முதலெழுத்தும் கொண்ட இருவர் இருந்தால் இது எளிதில் நடந்துவிடும். வைப்புச் சீட்டின் படத்தை அவரிடம் கேட்டு வாங்கி, திகதியையும் தொகையையும் வங்கிக் கூற்றோடு ஒப்பிடுங்கள். பின்னர் அதே பெயருடைய மற்றவரின் கணக்கையும் பாருங்கள். அங்கே விளக்கமில்லாத ஒரு வரவு இருந்தால் விடை கிடைத்துவிட்டது. ஆனால் அந்த இரண்டாமவருக்கும் தவறான மீதி அறிவிக்கப்பட்டிருக்கும் என்பதை மறக்கக் கூடாது. திருத்தச் செய்தி இருவருக்கும் போக வேண்டும்.

### வித்தியாசம் ஒரு தொகையின் இரு மடங்காக இருந்தால்

வரவுப் பக்கத்தில் எழுத வேண்டியது செலவுப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கும். 5,000 ரூபாவுக்குத் திறக்காத பொருளைத் திருப்பித் தந்திருக்கிறார், அதற்கான வரவுத்தாளை யாரோ புதிய சிட்டையாகப் பதிந்துவிட்டார் என்றால் வித்தியாசம் 10,000 ஆகும். ஆகவே வித்தியாசத்தை இரண்டால் வகுத்து, அந்தத் தொகை ஏட்டில் எங்கேனும் இருக்கிறதா என்று பாருங்கள்.

### வித்தியாசம் ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால்

இரு இலக்கங்கள் இடம் மாறி எழுதப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். 62,400 என்ற தொகையை 64,200 என்று பதிந்தால் வித்தியாசம் 1,800, அது ஒன்பதால் வகுபடும். இந்தச் சோதனை எப்போதும் உறுதியானது அன்று. வேறு காரணத்தால் வந்த வித்தியாசமும் தற்செயலாக ஒன்பதால் வகுபடலாம். ஆயினும் எந்தச் சிட்டையை முதலில் எடுத்துப் பார்ப்பது என்று தெரியாத நேரத்தில் இது நல்ல தொடக்கம்.

### வித்தியாசம் எதற்கும் பொருந்தாத சில்லறைத் தொகையாக இருந்தால்

வட்டியோ தாமதக் கட்டணமோ சொல்லாமல் மீதிக்குள் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வட்டி உண்டு என்று முன்பே எழுத்தில் பேசி வைத்திருந்தாலும், செய்தியில் அது தனி வரியாக, எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை என்ற விவரத்தோடு வர வேண்டும். மீதிக்குள் மறைந்திருக்கும் வட்டியைக் கண்டுபிடிக்கும் வாடிக்கையாளர் அதற்குப் பிறகு சரியான எண்களையும் நம்பமாட்டார்.

காரணம் எதுவாக இருந்தாலும் செய்தியில் செய்ய வேண்டிய மாற்றம் ஒன்றுதான். முன்மீதி, கிடைத்தது, இப்போதைய மீதி ஆகிய மூன்று எண்களும் வர வேண்டும். முன்மீதி 124,000 என்று இருந்தால் பிணக்கு எங்கே தொடங்குகிறது என்பது அழைப்பு வரும் முன்பே வாடிக்கையாளருக்குத் தெரிந்துவிடும். அவர் முன்மீதியையே ஏற்கவில்லை என்றால் சிக்கல் பழைய சிட்டைகளில் இருக்கிறது. முன்மீதியை ஏற்று மீதியை மறுத்தால் சிக்கல் கிடைத்த பணத்தைப் பதிந்த விதத்தில் இருக்கிறது.

கணக்காளரை அழைக்க வேண்டிய கட்டம் இங்கே ஒன்று உண்டு. எல்லா வாடிக்கையாளர்களின் மீதிகளையும் கூட்டிப் பாருங்கள். அந்தக் கூட்டுத்தொகை பேரேட்டின் மொத்தக் கடன்பட்டோர் கணக்கோடு பொருந்தவில்லை என்றால், ஒருவருடைய செய்தியைத் திருத்துவதால் எதுவும் சரியாகாது. வித்தியாசம் தீரும் வரை மீதி குறிப்பிடும் செய்திகளை நிறுத்திவைத்து, கிடைத்த தொகையை மட்டும் உறுதிசெய்யுங்கள்.

## "ஏன் அதில் கழித்தீர்கள்?" என்று கேட்கிறார்

மூன்று முறைப்பாடுகளில் இதுவே கடினமானது, ஏனெனில் எல்லா எண்களும் சரியாக இருக்கும்போதும் இது வரும். மேலுள்ள கணக்கில் அந்த வாடிக்கையாளர் அழைத்துக் கேட்டது இதுதான்: "தம்பி, மருந்துச் சிட்டையை முதல்ல முடிக்கத்தான் நான் காசு போட்டேன். மறுகா ஏன் அது அப்படியே நிக்குது?" சிட்டை 1113 இல் உள்ள பூச்சிநாசினி அவருடைய வயலுக்கு உரியது அன்று. மைத்துனரின் வயலுக்காகத் தம்முடைய பெயரில் எடுத்துக் கொடுத்தது. மைத்துனர் அந்தப் பணத்தை அவரிடம் தந்துவிட்டார். ஆகவே அந்தச் சிட்டை முடிந்ததாகக் காட்டுவது அவருக்குக் குடும்ப விடயம்.

கடை, வழக்கப்படி பழைய சிட்டையிலிருந்து கழித்திருந்தது. 80,000 இல் 38,500 சிட்டை 1042 இற்குப் போக, எஞ்சிய 41,500 சிட்டை 1077 இற்குப் போயிற்று. 1077 இல் 22,700 ரூபாவும் 1113 இல் 21,300 ரூபாவும் நின்றன, மொத்தம் 44,000. அவர் விரும்பியபடி கழித்தால் 1113 இற்கு 21,300, 1042 இற்கு 38,500, எஞ்சிய 20,200 சிட்டை 1077 இற்கு. அப்போது 1077 இல் மட்டும் 44,000 நிற்கும். மொத்த மீதி இரு விதத்திலும் ஒன்றே. மொத்தம் மாறவில்லையே, பிறகு எதற்குப் பிரச்சினை என்று கடைக்காரர் கேட்பது இதனால்தான். ஆனால் ஒரு சிட்டைக்கு இன்னொருவர் பிணை நின்றிருந்தால், ஒரு சிட்டைக்கு மட்டும் வட்டி பேசியிருந்தால், அல்லது தவணைத் திகதிகள் வேறுபட்டிருந்தால் எந்தச் சிட்டை திறந்து நிற்கிறது என்பது மொத்தத்தைப் போலவே முக்கியம்.

முதலில் சரிபார்க்க வேண்டியது, பணம் கட்டும்போது அவர் ஏதாவது சொன்னாரா என்பது. வைப்புச் சீட்டின் குறிப்பு, வட்ஸ்அப் செய்தி, குரல்பதிவு, கடைக்கு வந்து சொன்ன வார்த்தை என்று எல்லாவற்றையும் பாருங்கள். பல கடன்கள் இருக்கும்போது தாம் கட்டும் பணம் எந்தக் கடனுக்கு என்று கட்டும் வேளையில் சொல்லும் உரிமை கட்டுபவருக்கே முதலில் உண்டு என்பது இலங்கையில் நிலவும் உரோமன் டச்சுச் சட்ட மரபின் நிலைப்பாடு. அவர் சொல்லாமல் விட்டால்தான் பெறுபவர் தெரிவு செய்யலாம். ஆகவே அவர் குறிப்பு எழுதியிருந்து, கடை அதைக் கவனிக்கவில்லை என்றால், மறுபேச்சின்றி மாற்றிப் பதிய வேண்டும்.

அவர் எதுவும் சொல்லியிருக்கவில்லை என்றால், கடையின் வழக்கம் அவருக்கு முன்பே தெரிவிக்கப்பட்டிருந்ததா என்று பாருங்கள். சிட்டையின் அடியில் "குறிப்பிடாத பணம் பழைய சிட்டையிலிருந்து கழிக்கப்படும்" என்று ஒரு வரி அச்சிட்டிருந்தால் போதும். அப்படி இல்லாவிட்டால், அவர் கேட்டபடி மாற்றிக்கொடுப்பதால் கடைக்கு ஏதாவது இழப்பு உண்டா என்று பார்த்து, இல்லையென்றால் மாற்றிவிடுவதே என் கருத்தில் நல்லது. மேலுள்ள கணக்கில் வட்டியும் இல்லை, பிணையும் இல்லை, மாற்றிக் கொடுப்பதில் கடைக்கு எந்த நட்டமும் இல்லை.

மாற்றிப் பதிந்தபின் பழைய செய்தியை அழித்துவிட்டுப் புதியதை அனுப்ப வேண்டாம். இரு தரப்பிலும் பழைய எண்கள் எங்கேனும் கொப்பியில் எழுதப்பட்டிருக்கும். "27-02-2026 திகதிய அறிவித்தலுக்குப் பதிலாக" என்று தொடங்கி, தங்கள் வேண்டுகோளின்படி மாற்றியுள்ளோம் என்று காரணத்தையும் சொல்லி, மூன்று சிட்டைகளின் நிலையையும் மீண்டும் முழுமையாக எழுதுங்கள். மாறியதை மட்டும் எழுதினால் வாசிப்பவர் இரண்டு செய்திகளையும் பக்கத்தில் வைத்துக் கூட்டிப் பார்க்க வேண்டியிருக்கும்.

திருத்தம் பேசும் தேவையே வராதபடி முதற்செய்தியை எழுதுவதாயின் அது இப்படி அமையும்:

> மதிப்பிற்குரிய ஐயா,
> 27-02-2026 அன்று வங்கி மூலம் ரூ. 80,000.00 கிடைத்தது. அன்றைய மொத்த மீதி ரூ. 44,000.00. (முன்மீதி ரூ. 124,000.00.)
> பணத்தைக் கழித்த விதம்:
> சிட்டை 1042, விதை நெல்: ரூ. 38,500 கழித்தோம். மீதி இல்லை.
> சிட்டை 1077, உரமும் களைநாசினியும்: ரூ. 41,500 கழித்தோம். மீதி ரூ. 22,700.
> சிட்டை 1113, பூச்சிநாசினி: இதில் கழிக்கவில்லை. மீதி ரூ. 21,300.
> தாங்கள் எதையும் குறிப்பிடாததால் பழைய சிட்டையிலிருந்து கழித்துள்ளோம். வேறு விதமாகக் கழிக்க விரும்பினால் 06-03-2026 இற்கு முன் அறியத் தரவும். நன்றி.

இதை அனுப்பும் முன் இரண்டு கூட்டல்கள் செய்ய வேண்டும். கழித்த தொகைகளைக் கூட்டினால் கிடைத்த தொகை வர வேண்டும்: 38,500 உம் 41,500 உம் சேர்ந்து 80,000. மீதிகளைக் கூட்டினால் மொத்த மீதி வர வேண்டும்: 22,700 உம் 21,300 உம் சேர்ந்து 44,000. இரண்டில் ஒன்று பொருந்தாவிட்டாலும் செய்தி போகக் கூடாது. பணம் கழிக்கப்படாத சிட்டையையும் செய்தியில் சேர்த்திருப்பதைக் கவனியுங்கள். அதை விட்டுவிட்டால் இரண்டாவது கூட்டல் வாடிக்கையாளருக்குப் பொருந்தாது.

சட்டத்தரணியை நாட வேண்டிய இடங்களும் இங்கேயே உண்டு. பிணை நின்றவர் தம்முடைய சிட்டை முன்பே தீர்ந்துவிட்டதாக வாதிட்டாலோ, வட்டிக்குப் போனதா முதலுக்குப் போனதா என்ற கேள்வி எழுந்தாலோ, நீங்களாக எதையும் மாற்றிப் பதிய வேண்டாம். இன்னொன்று, சிட்டை பழையதாகிக்கொண்டே போவது. விற்றுக் கையளித்த பொருளுக்கான கடைச் சிட்டைக் கடனை வழக்கிட்டு அறவிட, 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் தருவது பணம் செலுத்த வேண்டிய திகதியிலிருந்து ஒரு வருடம் மட்டுமே. எழுத்தில் ஏற்றுக்கொள்வதும் பகுதியாகப் பணம் கட்டுவதும் அந்தக் காலவெல்லையைப் பாதிக்கக்கூடியவை என்பதால், எந்தச் சிட்டைக்கு எப்போது பணம் கழிக்கப்பட்டது என்ற பதிவு பின்னர் சான்றாகலாம். ஒரு வருடத்தை நெருங்கும் சிட்டை உள்ள கணக்கில் பணத்தை எதில் கழிப்பது என்று முடிவெடுக்கும் முன்பே ஆலோசனை கேளுங்கள்.

## "செய்தி துண்டு துண்டாக வருகிறது, எண் விளங்கவில்லை" என்கிறார்

வட்ஸ்அப் இல்லாத சாதாரண கைபேசிகளுக்குக் குறுஞ்செய்தியே வழி. அதில் இரு வேறு பிழைகள் ஒரே முறைப்பாடாக வரும். ஆகவே முதலில் எது என்று பிரித்தறியுங்கள்.

### வரிகள் முறை மாறியோ பாதியிலோ வந்தால்

செய்தி நீளமானது. தமிழ் எழுத்து உள்ள குறுஞ்செய்தியில் ஒரு துண்டுக்கு 70 இடங்கள்தான் உண்டு. அதைத் தாண்டிவிட்டால் துண்டொன்றுக்கு 67 ஆகக் குறைந்துவிடும். ஆங்கில எழுத்தில் மட்டும் எழுதினால் 160 கிடைக்கும். ஆனால் அதில் "ரூ." என்று ஒரே ஒரு தமிழ்ச் சொல் வந்தாலும் முழுச் செய்தியும் 70 இற்கு இறங்கிவிடும். மேலும் கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரிவது எண்ணிக்கையில் இரண்டாக இருக்கும். "பெற்றுக்கொண்டோம்" என்பது பார்வைக்கு எட்டெழுத்து, பிடிக்கும் இடமோ பதினாறு. "கிடைத்தது" என்று எழுதினால் ஒன்பது இடத்தில் முடிந்துவிடும். எக்செலில் செய்தியை வைத்து அதன் நீளத்தையும் துண்டுகளையும் இப்படிப் பார்க்கலாம்:

```
=LEN(A2)
=IF(LEN(A2)<=70,1,ROUNDUP(LEN(A2)/67,0))
```

நம் கணக்கை ஒரே துண்டுக்குள் திணிக்கவும் முடியும். ஆனால் அப்படிச் செய்த செய்தி விடுகதை போல் இருக்கும். இரண்டு துண்டுகளை ஏற்றுக்கொள்வதே நல்லது:

> ரூ.80,000 கிடைத்தது (27-02-2026). மொத்த மீதி ரூ.44,000.
> சிட்டை மீதி: 1042:இல்லை, 1077:22,700, 1113:21,300.
> தவறெனில் அறிவிக்கவும்.

இது 129 இடங்களைப் பிடிக்கிறது. இரண்டு துண்டுகளுக்கான எல்லை 134. முதல் துண்டு மட்டும் வந்து சேர்ந்தாலும் கிடைத்த தொகையும் மொத்த மீதியும் அதற்குள் இருக்கும்.

### திகதிக்குப் பதிலாக 46080 போன்ற எண் வந்தால்

எக்செல் திகதிகளை உள்ளே நாட்களின் எண்ணிக்கையாக வைத்திருக்கிறது. 2026 பெப்ரவரி 27 அங்கே 46080. அந்தக் கலத்தை வேறு சொற்களோடு ஒட்டிச் செய்தி உருவாக்கும்போது அலங்காரம் நீங்கி வெறும் எண் வெளிப்படும். 44,000 என்பது காற்புள்ளி இல்லாமல் 44000 என்று வருவதும் இதனால்தான். வடிவத்தைச் சூத்திரத்துக்குள்ளேயே கட்ட வேண்டும்:

```
="மீதி ரூ."&TEXT(D2,"#,##0")&" ("&TEXT(C2,"dd-mm-yyyy")&")"
```

சூத்திரம் சரியாக இருந்தும் ஒருவருடைய மீதி இன்னொருவருக்குப் போனால், பெயர் நிரலை மட்டும் தனியே வரிசைப்படுத்தியதால் வரிகள் நழுவியிருக்கும். அனுப்புவதை உடனே நிறுத்தி, கோப்பின் பழைய பிரதியை எடுங்கள். பழைய பிரதி இல்லையென்றால் கணினி தெரிந்த ஒருவரை அழைக்கும் நேரம் அதுதான். கையால் வரிகளை நகர்த்திச் சரிசெய்ய முயன்றால் இன்னும் மோசமாகும்.

## காசோலை திரும்பியபின் "மீதி ஏன் ஏறியது?" என்கிறார்

காசோலையைக் கையில் வாங்கியதும் பணமாகக் கணக்கிட்டுச் செய்தி அனுப்பியதே இதற்குக் காரணம். அந்த 80,000 இல் 50,000 காசாகவும் 30,000 மார்ச் 10 ஆம் திகதியிட்ட காசோலையாகவும் வந்திருந்தால், மீதி இன்னும் 44,000 ஆகவில்லை. செய்தியில் இரண்டு மீதிகளும் தனித்தனியே வர வேண்டும்: "இன்றைய மீதி ரூ. 74,000. 10-03-2026 திகதிய காசோலை ரூ. 30,000 காசானபின் மீதி ரூ. 44,000." சிட்டைகளில் கழிப்பதும் 50,000 இற்கு மட்டும். காசோலைத் தொகையைக் காசான பின்பே கழித்து, அப்போது இரண்டாவது செய்தியை அனுப்புங்கள்.

ஏற்கனவே தவறாக அனுப்பிவிட்டால், மீதி ஏறியது என்று எழுதாமல், காசோலை இலக்கம், திரும்பிய திகதி, வங்கி எழுதிய காரணம், அதனால் மீண்டும் திறந்த சிட்டை ஆகிய நான்கையும் எழுதுங்கள். வங்கி அறவிட்ட கட்டணத்தை வாடிக்கையாளரிடம் கேட்பதாயின் அது தனி வரியாக வர வேண்டும். கையொப்ப வேறுபாடு, திகதிப் பிழை போன்ற காரணங்களுக்கு ஒரு தொலைபேசி அழைப்பே போதும். கணக்கில் பணமில்லை என்று அதே வாடிக்கையாளரின் காசோலை மறுபடியும் திரும்பினால், காசோலையின் மூலப் பிரதியையும் வங்கியின் திரும்பல் குறிப்பையும் பத்திரப்படுத்திக்கொண்டு, அடுத்த செய்தியைச் சட்டத்தரணியிடம் காட்டிய பிறகே அனுப்புங்கள்.